ஹாஃப் டைமில் நம் ஆட்களுக்குள்ளேயே சண்டை, அதே மேட்ச்சில் ரெஃப்ரியிடம் கார்டு: கேப்டனாக நான் எங்கே கோட்டை விட்டேன்?

ஓட்டேரி_8

வட சென்னைப் பக்கம் ஒரு சின்ன ஃபுட்பால் டீமுக்கு நான்கு மாதமாக கேப்டன். வயது 24, மிட்ஃபீல்டு ஆடுகிறேன். போன ஞாயிறு நடந்ததை அப்படியே சொல்கிறேன். எங்கே தப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒரு பாதிக்கு 30 நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவேளை. முதல் பாதியில் 0-1. எங்கள் லெஃப்ட் விங்கர் இரண்டு தடவை உள்ளே வெட்டி வந்து தானே அடித்தான். ஸ்ட்ரைக்கர் தனியாக நின்றுகொண்டு கையைத் தூக்கிக் கத்திக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு விங்கரும் அவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிட்டான். ஹாஃப் டைம் விசில் அடித்ததும் பைகள் வைத்திருந்த வேப்பமரத்தடிக்கு வந்தோம். நமக்கெல்லாம் டிரெஸ்ஸிங் ரூம் அதுதானே. ஸ்ட்ரைக்கர் ஏதோ சொன்னார், விங்கர் தண்ணி பாட்டிலைத் தரையில் அடித்தான், சட்டையைப் பிடிக்கும் வரை போய்விட்டது. நான் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் வாயை மூடுங்க, யாரு தப்புன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று கத்தினேன். கோச் ஃபார்மேஷன் சொல்ல ஆரம்பித்தபோது இரண்டு நிமிடம்தான் பாக்கி.

இரண்டாம் பாதி 12வது நிமிடம். விங்கர் அடித்த பந்து அவர்கள் டிஃபெண்டர் கையில் பட்டு வெளியே போனது. ரெஃப்ரி கார்னர் என்று காட்டினார். பெனால்டி கேட்டு ஏழெட்டுப் பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் ஓடிப் போய், "சார், கண்ணு முன்னாடிதானே பட்டுது, தெரியலையா?" என்று இரண்டு கையையும் விரித்தேன். எனக்கு எல்லோ. எங்கள் கீப்பர் அந்தக் கோலிலிருந்து இந்தக் கோல் வரை ஓடி வந்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். நேரா ரெட். பத்துப் பேரோடு ஆடி 0-3.

இது இரண்டு தனித்தனிப் பிரச்சினையா, ஒன்றா? அடுத்த ஞாயிறும் அதே ரெஃப்ரிதான் என்று கேள்வி.

கோல்கிக்_பெரம்பூர்

ப்ரோ, உங்களுக்கு எல்லோ கொடுத்தது தப்பு. ரெஃப்ரியிடம் பேச கேப்டனுக்கு மட்டும் உரிமை உண்டு என்று யூரோ 2024லேயே கொண்டுவந்துவிட்டார்கள். மற்றவர்கள் வந்தால் கார்டு, கேப்டன் கேட்டால் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும். போட்டி நடத்துபவர்களிடம் எழுதிக் கொடுங்கள்.

விசில்_சத்தம்

நான் சென்னையில் பதினோரு வருடம் லோக்கல் மேட்ச்சுகளுக்கு விசில் ஊதியவன். பெரம்பூர் தம்பி சொல்வதில் பாதி சரி. யூரோ 2024ல் கேப்டன் மட்டும் ரெஃப்ரியிடம் வரலாம் என்று வைத்தது உண்மை. கீப்பர் கேப்டனாக இருந்தால் அவருக்குப் பதில் பேச வெளியே ஆடும் ஒருவரை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. இத்தாலிக்கு டோனருமா, ஸ்லோவேனியாவுக்கு ஓப்லாக் என்று கீப்பர் கேப்டன்கள் அந்தத் தொடரிலேயே இருந்தார்கள்.

ஆனால் அது உரிமை இல்லை தம்பி. ஆட்ட விதி மூன்றில் கேப்டனுக்குத் தனி அந்தஸ்தோ சலுகையோ கிடையாது என்றே எழுதியிருக்கிறது. டீமின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு, அவ்வளவுதான். நெருங்கி வந்து கேட்க இடம் கொடுத்திருக்கிறார்கள். மரியாதையாகக் கேட்டால் ரெஃப்ரி சொல்வார். கத்தினால் மற்றவர்களைப் போல கேப்டனுக்கும் எல்லோதான். அந்த நடைமுறையும் போட்டி நடத்துபவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தால்தான். டாஸுக்கு முன் ரெஃப்ரியிடமே, "சார், இன்னைக்கு கேப்டன் மட்டும்தான் பேசணுமா?" என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே உங்களைப் பற்றி அவருக்கு ஒரு நல்ல எண்ணம் வந்துவிடும்.

ஓட்டேரி தம்பிக்கு என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் சொன்ன வார்த்தைக்காக மட்டும் நான் கார்டு எடுத்திருக்க மாட்டேன். கையை விரித்தீர்கள் பாருங்கள், அதற்குத்தான் எடுத்திருப்பேன். வார்த்தை எனக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும். விரித்த கை கிரவுண்டைச் சுற்றி நிற்கும் இருநூறு பேரிடமும், "இந்த ஆள் ஏமாத்துறான்" என்று சொல்லும். அதை நான் விட்டால் அடுத்த பத்து நிமிடம் ஆட்டம் என் கையில் இருக்காது. விதியிலும் வார்த்தையோ செய்கையோ எதுவானாலும் எதிர்ப்புக் காட்டினால் எல்லோ என்றுதான் இருக்கிறது.

கீப்பர் விஷயம் இன்னும் மோசம். பக்கத்தில் இருப்பவன் சூட்டில் கத்தினால் புரிந்துகொள்ளலாம். ஒரு முழு கிரவுண்டைத் தாண்டி ஓடி வருகிறவனுக்கு வழியெல்லாம் யோசிக்க நேரம் இருந்தது. அவன் கிளம்பிய உடனே ரெஃப்ரி அவனைப் பார்த்துவிடுவார்.

இனி உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பைச் சொல்கிறேன். ஆட்டம் மறுபடி தொடங்கும் வரைதான் ரெஃப்ரி தன் முடிவை மாற்ற முடியும். அந்தக் கார்னர் எடுக்கும் வரை கதவு திறந்திருந்தது. அந்த நேரத்தை ஏழு பேர் கத்தியே கடத்திவிட்டார்கள். சூழ்ந்துகொண்டு நிற்கும்போது எனக்குச் சந்தேகம் இருந்தால்கூட மாற்ற முடியாது. மாற்றினால் பயந்து மாற்றினான் என்று ஆகிவிடும். என் பதினோரு வருடத்தில் நான் முடிவை மாற்றிய சில தடவையும், ஒரு கேப்டன் தன் ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, தனியாக நடந்து வந்து, "சார், லைன்ஸ்மேன் அந்தப் பக்கம் நின்னாரு, ஒரு தடவை கேட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டபோதுதான். நான் தப்பு என்று அவர் சொல்லவில்லை. எனக்கு ஒரு வழி காட்டினார். அப்படிக் கேட்டும் நான் மாற்றாத தடவைகள்தான் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மடிப்பாக்கம்_கணேஷ்

எங்கள் ஆபீஸ் கிரிக்கெட் டீமிலும் இதே தொல்லை. பேட்டிங் டீம் ஆளே அம்பயராக நிற்பார், எல்பிடபிள்யூ கொடுக்கவே மாட்டார். கேப்டனை மாற்றினால் சரியாகிவிடுமா? கோபக்காரரை விட்டுவிட்டு அமைதியான ஒருவரைப் போடுங்கள் என்பது என் கருத்து.

பழைய_ஸ்டாப்பர்

கணேஷ் சார், அவர் கேட்பது யாரைக் கேப்டனாகப் போடுவது என்று இல்லை, இருக்கிற கேப்டன் என்ன செய்வது என்று. அமைதியானவரைப் போட்டால் மட்டும் ஆகிவிடாது. நான் பார்த்த மிக அமைதியான கேப்டன், சண்டை வந்ததும் ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடுவார்.

தம்பி, நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். ஸ்டாப்பராக ஆடி, ஒன்பது சீசன் கேப்டனாக இருந்தேன். நீ கேட்ட கேள்விக்கு என் பதில், இரண்டும் ஒன்றுதான். மரத்தடியில் முடியாத சண்டைதான் கிரவுண்டுக்குள் ரெஃப்ரி மேல் போய் விழுந்தது. உன் ஆட்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்திருந்த கோபத்தைக் கொட்ட ஒரு பொது ஆள் கிடைத்தார், அவ்வளவுதான். சூழ்ந்துகொண்டவர்களில் விங்கரும் ஸ்ட்ரைக்கரும் முன்னால் நின்றிருப்பார்கள், சரியா?

உன் பத்து நிமிடத்தைப் பார்ப்போம். விசில் அடித்த உடனே நாடித்துடிப்பு உச்சத்தில் இருக்கும். அப்போது யார் பேசினாலும் காதில் ஏறாது. முதல் இரண்டு நிமிடம் தண்ணீர் மட்டும். நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். கேனை நானே தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தருக்கும் கொடுப்பேன், உட்கார்ந்தால்தான் கொடுப்பேன். உட்கார்ந்தவனுக்குச் சட்டையைப் பிடிக்கத் தோன்றாது.

அதற்குள் முறைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரைப் பிரிக்க வேண்டும். ஒருத்தனைக் கோச் பக்கம் உட்கார வை, இன்னொருத்தனை நீ கூட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் போ. எல்லோர் முன்னாலும் தீர்ப்பு சொல்லாதே. "யாரு தப்புன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாயே, அந்த வாக்கியம்தான் உன் மேட்ச்சைக் கெடுத்தது. இரண்டு பேரும் அது தன்னைத்தான் சொன்னது என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். மீதி எட்டுப் பேரும் யார் பக்கம் நிற்பது என்று யோசித்திருப்பார்கள்.

தனியாகக் கூட்டிப் போனபின், "ஏன்டா பாஸ் தரல?" என்று கேட்காதே. அது போன பாதி. "அடுத்த பத்து நிமிஷம் உனக்குப் பந்து எங்க வேணும்?" என்று கேள். விங்கர் காலுக்கு வேணும் என்பான், இல்லை பின்னால் ஓட இடம் வேணும் என்பான். அடுத்து ஸ்ட்ரைக்கரிடம் போய் அதே கேள்வி. இரண்டு பதிலையும் வைத்து ஒரே ஒரு ஏற்பாடு சொல். "முதல் தடவை அவன் வெட்டி வந்தா நீ ஃபார் போஸ்ட்டுக்கு ஓடு, ரெண்டாவது தடவை அவன் உனக்குப் போட்டே ஆகணும்." இதற்கு மொத்தமாக மூன்று நிமிடம் போதும். ஐந்தாவது நிமிடம் கோச் கையில் டீம் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனி. பந்தைப் பற்றிய சண்டையாக இருந்தால் இது போதும். சண்டை வேறு எதைப் பற்றியாவது இருந்தால் பாஸைப் பற்றிப் பேசி ஒன்றும் ஆகாது. எப்படித் தெரியும் என்றால், ஒருத்தன் பதிலில் பந்து வரவே வராது. "அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்பான், "நாங்கல்லாம் சும்மா வர்றோம்" என்பான். அப்போது உள்ளே வேறு கணக்கு ஓடுகிறது.

ஓட்டேரி_8

அண்ணா, முன்னால் நின்றது அவர்கள் இரண்டு பேர்தான். நீங்கள் சொன்ன பிறகு நேற்று விங்கரைத் தனியாகப் பார்த்து டீ குடித்துக்கொண்டே பேசினேன். பாஸ் பேச்சே எடுக்கவில்லை அவன். ஸ்ட்ரைக்கர் வெளி ஏரியாவிலிருந்து வருகிறவர். மேட்ச்சுக்கு 1,500 ரூபாய் அவருக்குக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவனுக்குப் பஸ் காசும் சாப்பாடும்தான். "நான் பந்து போட்டு அவரு கோல் அடிச்சா, அவரு காசு இன்னும் ஏறும்ணா" என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் காசு விஷயம் உண்மையா என்று எனக்கே தெரியாது.

பழைய_ஸ்டாப்பர்

நினைத்தேன். காசு, ஏரியா, வீட்டுச் சண்டை இதெல்லாம் மரத்தடியில் எடுக்கவே கூடாது. உனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சமாதானம் சொல்லாதே. "சும்மா வதந்திடா" என்று சொல்லிவிட்டு நாளைக்கு உண்மை என்று தெரிந்தால் அவன் உன்னையும் நம்ப மாட்டான். நாளும் நேரமும் வைத்து ஒரு வாக்குக் கொடு. "செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சதும் நான் செக்ரெட்டரிகிட்ட கேக்குறேன், பதில் என்னவா இருந்தாலும் உனக்குச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பந்தை மட்டும் பாரு." அவன் ஸ்ட்ரைக்கரிடம் பாசம் காட்ட வேண்டாம். பந்து போட்டால் போதும்.

நடுவுல_நிக்கிறவன்

பழைய ஸ்டாப்பர் அண்ணன் சொல்வதில் எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடு இல்லை. காசு விஷயத்தைக் கேப்டன் ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்? 2010 வேர்ல்ட் கப்பில் ஃபிரான்ஸ் கதையைப் பாருங்கள். மெக்சிகோ மேட்ச் ஹாஃப் டைமில் கோச்சைத் திட்டியதாக அனெல்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கேப்டன் எவ்ரா, ஆட்கள் பக்கம் நின்றார். பிராக்டிஸுக்கு வந்த இடத்தில் ஃபிட்னெஸ் கோச்சோடு எவ்ரா எல்லோர் முன்னாலும் மோதினார், டீம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு பிராக்டிஸே செய்ய மறுத்தது. குரூப்பில் கடைசி இடம். எவ்ராவுக்கு ஐந்து மேட்ச் தடை. கேப்டன் ஆட்களின் யூனியன் தலைவராகிவிட்டால் இப்படித்தான் முடியும். கோச்சிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

பழைய_ஸ்டாப்பர்

தம்பி, எவ்ரா பேசியதில் எனக்குக் குறை இல்லை, பேசிய இடத்தில்தான் குறை. கேமராக்கள் நிற்கிற கிரவுண்டில் சண்டை போட்டார். அதே விஷயத்தை முந்தின நாள் இரவே கோச்சோடும் ஃபெடரேஷனோடும் ஒரு அறைக்குள் முடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நீ ஒதுங்கிக்கொண்டால் அந்த விங்கர் யாரிடம் போவான்? அடுத்த மேட்ச்சில் மறுபடி தரையில்தான் பாட்டிலை அடிப்பான். கேப்டன் பதில் கொடுக்க வேண்டாம், கேள்வியை மேலே கொண்டுபோனால் போதும்.

நடுவுல_நிக்கிறவன்

கொண்டுபோகிறவனைச் செக்ரெட்டரி பெஞ்சில் உட்கார வைப்பார் அண்ணா, எனக்கு நடந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன். நான் இன்னும் அதே கருத்தில்தான் இருக்கிறேன்.

லிபரோ_அக்கா

நான் வாலிபால். காலேஜ் டீமுக்கு மூன்று வருடம் கேப்டன். எங்கள் ஆட்டத்தில் இது விதியிலேயே தெளிவு. பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கோர்ட்டில் இருக்கிற கேப்டன் மட்டும் ரெஃப்ரியிடம் விளக்கம் கேட்கலாம். விளக்கம் பிடிக்கவில்லை என்றால் எதிர்ப்பைப் பதிவு செய்யப் போவதாக அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும், மேட்ச் முடிந்து சொன்னால் எடுக்க மாட்டார்கள். ரெஃப்ரி மேலே ஸ்டாண்டில் நிற்பதால் அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டும், கத்தினால் அசிங்கமாகத் தெரியும்.

எனக்கு உதவியது ஒன்று. கேள்வியை, அவர் என்ன முடிவு செய்தார் என்பதில் வைக்காமல், என்ன பார்த்தார் என்பதில் வைப்பேன். "எப்படி சார் டச் இல்லைன்னு சொல்றீங்க?" என்றால் சண்டை. "சார், பிளாக்கர் விரல்ல படலைன்னு பாத்தீங்களா, இல்ல மறைச்சிருந்துதா?" என்றால் பதில் வரும். அந்தப் பதிலை டீமிடம் சொன்னால் அவர்களும் அடங்குவார்கள். ரெஃப்ரியிடமிருந்து திரும்பி வரும் கேப்டனைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினால் ஐந்து பேருக்கும் கோபம் ஏறும், அதைப் பல மேட்ச்சில் பார்த்திருக்கிறேன்.

விசில்_சத்தம்

அக்கா சொன்னது எங்களுக்கும் அப்படியே பொருந்தும். தம்பி, ஹேண்ட் பாலுக்கு, "கை உடம்பை விட்டு வெளிய இருந்துச்சா சார்?" என்று கேளுங்கள். கையில் பட்டதா என்று கேட்க வேண்டாம், பட்டதை நானும் பார்த்திருப்பேன். உடம்பை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கும்படி கை நின்றதா என்பதில்தான் என் முடிவு இருக்கும்.

இன்னொன்று. போன முடிவைவிட வரப்போகிற விஷயத்தைச் சொன்னால் ரெஃப்ரி காது கொடுப்பார். இரண்டாம் பாதிக்கு உள்ளே நுழையும்போது பக்கத்தில் நடந்தபடி, "சார், கார்னர்ல அவங்க 4 நம்ம ஆள் ஷர்ட்டைப் பிடிக்கிறாரு, ஒரு தடவை பாருங்க" என்றால் போதும். அடுத்த கார்னரில் என் கண் தானாக அங்கே போகும். ஒரு பாதிக்கு ஒரு தடவைதான். மூன்றாவது தடவை வந்தால் அது வேறு எதுவுமில்லை, நச்சரிப்பு.

ரெஃப்ரி உங்கள் ஆளைக் கூப்பிட்டுப் பேசும்போது உங்களையும் சேர்த்துக் கூப்பிட்டால், அடுத்தது கார்டு என்று அர்த்தம். அப்போது நீங்கள் வாதாட வேண்டாம். உங்கள் ஆளைக் கூட்டிப் போய் இரண்டு நிமிடம் அவன் பக்கத்திலேயே ஆடுங்கள், இல்லை கோச்சிடம் மாற்றச் சொல்லுங்கள்.

ஓட்டேரி_8

நேற்று மேட்ச் முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

செக்ரெட்டரியிடம் செவ்வாய் கேட்டேன். ஸ்ட்ரைக்கருக்குக் காசு கொடுப்பது உண்மை, எவ்வளவு என்று சொல்ல மாட்டேன் என்றார். உள்ளூர் ஆட்களுக்கு ஏதாவது செய்யலாமா என்றதற்குப் "பாக்கலாம்" என்றார். அதை அப்படியே விங்கரிடம் சொன்னேன். முகம் மாறியது, ஆனாலும் "கேட்டதுக்குத் தேங்க்ஸ்ணா" என்றான்.

டாஸுக்கு முன் ரெஃப்ரியிடம் போய், போன வாரம் கையை விரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. கேப்டன் மட்டும் பேசலாமா என்று கேட்டதற்கு, "நீ மட்டும் வா, மெதுவா வா" என்றார். மேட்ச்சுக்கு முன் டீமிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். விசில் அடித்தால் ஸ்டாப்பர் இரண்டு பேரும் மற்றவர்களைப் பின்னால் இழுக்க வேண்டும், நான் போகும் வரை யாரும் கிட்டே வரக்கூடாது. கீப்பர் தடையில் இருந்தான், புதுப் பையன்.

ஹாஃப் டைமில் 1-1. கேனை நான் தூக்கினேன். ஸ்ட்ரைக்கரைத் தனியாகக் கூட்டிப் போய்ப் பந்து எங்கே வேணும் என்றேன். "முதல் போஸ்ட்ல, தரையோட" என்றார். விங்கரிடம் அதைச் சொன்னேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் பாதி 20வது நிமிடம், ஆஃப்சைடு என்று எங்கள் கோலை ரத்து செய்தார்கள். விங்கர் தரையோடு போட்டு ஸ்ட்ரைக்கர் அடித்த கோல் அது. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஸ்டாப்பர் இருவரும் ஆட்களை இழுத்தார்கள், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன், ஓடவில்லை. "சார், பந்து போடும்போதா, அடிச்சப்பவா ஆஃப்சைடு?" என்றேன். "போடும்போது, உங்க 9 ஒரு அடி முன்னால. லைன்ஸ்மேன் கொடி தூக்கிட்டாரு" என்றார். திரும்பி வந்து ஸ்ட்ரைக்கரிடம், "ஒரு அடி லேட்டா கிளம்புங்க" என்றேன். அவர் தரையை உதைத்தார், ஆனால் வாய் திறக்கவில்லை. மேட்ச் 1-1ல் முடிந்தது. கார்டு ஒன்றுகூட இல்லை.

மேட்ச் முடிந்ததும் விங்கர் நேராக வீட்டுக்குப் போய்விட்டான். செக்ரெட்டரி என்னைப் பார்த்தும் பேசாமல் போனார். அடுத்த ஞாயிறு நான் ஸ்டார்ட் பண்ணுவேனா என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

நடுவுல_நிக்கிறவன்

சொன்னேனே தம்பி. டீம் லிஸ்ட் போட்டதும் இங்கே எழுது.

பழைய_ஸ்டாப்பர்

விங்கர் வீட்டுக்கு இன்று சாயங்காலம் போய்ப் பார். மேட்ச் பேச்சு எடுக்காதே. அந்த பாஸ் நல்ல பாஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு வா.